கணக்கில் 90 லட்சம் லாபம், வரிக்கு 15 லட்சம்தான் வருமானம்: கம்பெனிகளுக்கான மேட் வரி

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2023-24 நிதியாண்டில் அதன் லாப நட்டக் கணக்கு, வரிக்கு முந்தைய லாபம் 90 லட்சம் ரூபாய் என்கிறது. அதே ஆண்டுக்கு அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் போட்ட வருமான வரிக் கணக்கோ, வரி கட்ட வேண்டிய வருமானம் 15.5 லட்சம்தான் என்கிறது. ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டு கணக்கும் அதனதன் சட்டப்படி சரியாகப் போடப்பட்டவைதான்.

இந்த இடைவெளியில்தான் மேட் வருகிறது. மினிமம் ஆல்டர்நேட் டாக்ஸ், தமிழில் குறைந்தபட்ச மாற்று வரி. வருமான வரிச் சட்டத்தின் வழக்கமான கணக்குப்படி வரும் வரி, கம்பெனியின் புத்தக லாபத்தில் 15 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அந்த 15 சதவீதத்தையே கட்டு என்றது 2026 மார்ச் வரை இருந்த சட்டம். 1961-ஆம் ஆண்டு சட்டத்தில் இதற்கான பிரிவு 115ஜேபி. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் இது 206-ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. நம் உதாரணம் 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று நிதியாண்டுகள் என்பதால் பழைய பிரிவு எண்ணையே வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகு என்ன மாறுகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இவ்வளவு இடைவெளி எப்படி வருகிறது?

நம் ஆலை உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலை வாங்கியது. விலை 2 கோடியே 20 லட்சம். 2023 ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே ஓடுகிறது.

கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை காற்றாலைக்கு 22 ஆண்டு ஆயுள் தருகிறது. கடைசியில் 5 சதவீத மதிப்பு மிஞ்சும் என்று எடுத்துக்கொண்டு, மீதி 2 கோடியே 9 லட்சத்தை 22 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 9.5 லட்சம் தேய்மானம். லாப நட்டக் கணக்கில் ஏறுவது இதுதான்.

வருமான வரிச் சட்டம் வேறு மாதிரி. காற்றாலைக்கு அது தரும் தேய்மான விகிதம் 40 சதவீதம். முதல் ஆண்டிலேயே 88 லட்சத்தைச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இது 80 சதவீதமாக இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ நூற்பாலைகள் காற்றாலை வாங்கியதற்குக் காற்று எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்தத் தேய்மானமும்தான். (புது இயந்திரங்களுக்கான 20 சதவீதக் கூடுதல் தேய்மானத்தைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே விட்டுவிடுகிறேன். அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.)

இன்னொரு சின்ன விஷயம். ஒரு வாடிக்கையாளர் பணம் தருவாரா என்பது சந்தேகமாக இருப்பதால், சந்தேகக் கடனுக்காக 4 லட்சம் ஒதுக்கீடு செய்து அதையும் செலவில் எழுதியிருக்கிறார்கள். வருமான வரி இந்த ஒதுக்கீட்டை ஏற்காது. உண்மையில் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்தால்தான் ஏற்கும்.

இப்போது வரி வருமானத்தைப் போட்டுப் பார்ப்போம். 90 லட்சத்தோடு, கணக்கில் எழுதிய தேய்மானம் 9.5 லட்சத்தையும் ஒதுக்கீடு 4 லட்சத்தையும் திரும்பக் கூட்டினால் 103.5 லட்சம். அதிலிருந்து வரித் தேய்மானம் 88 லட்சத்தைக் கழித்தால் 15.5 லட்சம். ஆண்டு விற்றுமுதல் 400 கோடியைத் தாண்டாத கம்பெனி என்பதால் வரி 25 சதவீதம். அது 3,87,500 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 4,03,000.

90 லட்சம் லாபம் காட்டும் கம்பெனி 4 லட்சம் வரியோடு தப்பிவிடலாமா? 1980-களில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது. பங்குதாரர்களுக்கு லாபமும் டிவிடெண்டும் காட்டிக்கொண்டே வரி எதுவும் கட்டாத பெரிய கம்பெனிகளுக்கு 'ஜீரோ டாக்ஸ் கம்பெனி' என்றே பெயர் வந்தது. அவற்றைப் பிடிக்கத்தான் 1987-இல் 115ஜே என்ற பிரிவு கொண்டுவரப்பட்டது. நடுவில் சில ஆண்டுகள் அது இல்லாமல் போனது, பிறகு 115ஜேஏ வந்தது, 2000-இல் 115ஜேபி வந்தது. தொடக்கத்தில் 7.5 சதவீதமாக இருந்த விகிதம் 18.5 வரை ஏறி, 2019-இல் 15-க்கு இறங்கியது.

புத்தக லாபம் என்றால் எந்த லாபம்?

மேட் கணக்கில் தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புத்தக லாபம் என்பது லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் இருக்கும் லாபம் அல்ல. தொடங்குவது அங்கேதான். அதன் மேல் 115ஜேபி சொல்லும் சிலவற்றைக் கூட்டி, சிலவற்றைக் கழிக்க வேண்டும். சட்டம் சொல்லாத எதையும் கூட்டவோ கழிக்கவோ முடியாது.

இந்தக் கடைசி வாக்கியம் அதிகாரிக்கும் பொருந்தும். கம்பெனிச் சட்டப்படி தயாரித்து, தணிக்கை செய்து, பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட்ட கணக்கின் லாபத்தை வரி அதிகாரி தோண்டித் துருவி மாற்ற முடியாது, சட்டம் பட்டியலிட்ட திருத்தங்களை மட்டும்தான் செய்யலாம் என்று 2002-இல் அப்போலோ டயர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது 115ஜே பற்றிய தீர்ப்பு என்றாலும், 115ஜேபி வழக்குகளிலும் இன்று வரை முதலில் எடுத்துக் காட்டப்படுவது அதுதான்.

கூட்ட வேண்டியவற்றில் முதலாவது வருமான வரிக்கான ஒதுக்கீடும் ஒத்திவைத்த வரியும். நிகர லாபம் இவையெல்லாம் போன பிறகு மிஞ்சுவது. எனவே இரண்டையும் திரும்பக் கூட்டினால் வரிக்கு முந்தைய லாபத்துக்கே வந்து நிற்போம். நம் ஆலைக்கு அது 90 லட்சம்.

அடுத்தது ஒதுக்கீடுகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொகை உறுதியாகத் தெரியாத பொறுப்புகளுக்கான ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டும். சொத்தின் மதிப்புக் குறைவுக்கான ஒதுக்கீட்டையும் கூட்ட வேண்டும். சந்தேகக் கடன் ஒதுக்கீடு இந்த இரண்டாவது வகை. வர வேண்டிய கடன் ஒரு சொத்து, அதன் மதிப்பு குறையலாம் என்றுதானே ஒதுக்கி வைக்கிறோம்? ஆகவே அந்த 4 லட்சம் கூடும். ஆனால் ஆக்சுவரி கணக்குப் போட்டுக் கொடுத்த கிராஜுவிட்டி ஒதுக்கீடு அப்படியல்ல. பணம் இன்னும் கைமாறாவிட்டாலும் பொறுப்பு இவ்வளவு என்று விஞ்ஞான முறையில் கணிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கூட்ட வேண்டியதில்லை. 'ஒதுக்கீடு' என்ற தலைப்பில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் கம்பெனி தேவையில்லாமல் வரி கட்டும். எதையுமே கூட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும்.

கம்பெனி ஒதுக்கிய பொது நிதி, டிவிடெண்ட், வரிவிலக்குள்ள வருமானம் ஈட்டச் செய்த செலவு ஆகியவையும் கூட்டல் பட்டியலில் உண்டு. நம் ஆலைக்கு அவை இல்லை.

தேய்மானத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். சட்டம் தேய்மானத்தை ஒருமுறை கூட்டச் சொல்லி, பிறகு கழிக்கவும் சொல்கிறது. கழிக்கும்போது 40 சதவீதக் கணக்கைக் கழிக்கலாமா? கூடாது. கணக்குப் புத்தகத்தில் எழுதிய அதே 9.5 லட்சத்தைத்தான் கழிக்க வேண்டும். சொத்தை மறுமதிப்பீடு செய்து மதிப்பை ஏற்றியிருந்தால், ஏற்றிய பங்குக்கு உரிய தேய்மானம் மட்டும் கழிவில் சேராது. மறுமதிப்பீடு செய்யாத நம் ஆலைக்குக் கூட்டலும் கழித்தலும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். 88 லட்சத் தேய்மானத்தின் பலன் மேட் கணக்கில் கிடைக்கவே கிடைக்காது. மேட் வருவதற்குக் காரணமே அதுதானே.

பழைய நட்டத்தைக் கழிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. முந்தைய ஆண்டுகளிலிருந்து புத்தகத்தில் தொடரும் நட்டம், தொடரும் தேய்மானம் இரண்டில் எது குறைவோ அதை மட்டுமே கழிக்கலாம். நட்டம் 40 லட்சம், தேய்மானம் 25 லட்சம் என்றால் 25 லட்சம் கழியும். நட்டம் 40 லட்சம் இருந்து தேய்மானம் பூஜ்யமாக இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கழியாது. வரிக் கணக்கில் தொடரும் நட்டத்தை இங்கே கொண்டுவந்து கழிப்பது புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

சொத்து விற்ற லாபமும் அப்படித்தான். கம்பெனி பழைய கட்டடத்தை விற்று, வந்த ஆதாயத்தை 54ஈசி பத்திரத்தில் போட்டால் வழக்கமான கணக்கில் விலக்கு கிடைக்கும். புத்தக லாபத்திலிருந்து அந்த ஆதாயம் நகராது. 'விலக்குதான் கிடைத்துவிட்டதே' என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ரிட்டர்ன் போடும்போது மேட் வந்து நிற்பதைப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு.

சரி, நம் ஆலையின் புத்தக லாபம் 90 லட்சமும் 4 லட்சமும் சேர்த்து 94 லட்சம். அதில் 15 சதவீதம் 14,10,000. செஸ் சேர்த்தால் 14,66,400. ஒரு கோடியைத் தாண்டாததால் சர்சார்ஜ் இல்லை. வழக்கமான வரி 4,03,000. ஆக, ஆலை கட்ட வேண்டியது 14,66,400.

கூடுதலாகக் கட்டியது எங்கே போகிறது?

வழக்கமான வரியைவிட 10,63,400 ரூபாய் அதிகமாகக் கட்டியாயிற்று. இந்தத் தொகை கம்பெனியின் பெயரில் மேட் கிரெடிட்டாக நிற்கும். இதற்கான பிரிவு 115ஜேஏஏ. பின்னால் வரும் ஆண்டு ஒன்றில் வழக்கமான வரி மேட்டைவிட அதிகமாக வந்தால், இதை எடுத்துக் கழித்துக்கொள்ளலாம். அடுத்த 15 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை தொடரும். வட்டி கிடையாது. பணமாகத் திரும்பவும் கிடைக்காது.

காற்றாலைத் தேய்மானம் முதலில் பெரிதாக வந்து ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும் என்பதால், நம் ஆலைக்கு இந்தக் கிரெடிட் பயன்படத்தான் போகிறது. எப்படி என்று அடுத்த இரண்டு ஆண்டுகளில் பார்ப்போம்.

2024-25-இல் வரிக்கு முந்தைய லாபம் 92 லட்சம், புதிய ஒதுக்கீடு இல்லை. காற்றாலையின் வரி மதிப்பு 132 லட்சமாகக் குறைந்திருக்கிறது. அதில் 40 சதவீதம் 52.8 லட்சம். எனவே வரி வருமானம் 48.7 லட்சம், வரியும் செஸ்ஸும் 12,66,200. மேட் கணக்கில் 92 லட்சத்துக்கு 14,35,200. இந்த ஆண்டும் மேட்தான். ஆனால் வித்தியாசம் 1,69,000 ஆகச் சுருங்கிவிட்டது. கிரெடிட் இருப்பு 12,32,400.

2025-26-இல் லாபம் 96 லட்சம், தேய்மானம் 31.68 லட்சம். வரி வருமானம் 73.82 லட்சம், வரி 19,19,320. மேட் 14,97,600. முதல் முறையாக வழக்கமான வரி மேலே போய்விட்டது. கையில் 12 லட்சம் கிரெடிட் இருக்கிறது. முழுவதையும் கழித்து 7 லட்சம் கட்டினால் போதுமா? முடியாது. கிரெடிட்டைக் கழித்த பிறகும் அந்த ஆண்டின் மேட் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. 19,19,320-க்கும் 14,97,600-க்கும் இடையிலுள்ள 4,21,720-ஐ மட்டுமே கழிக்கலாம். ஆலை கட்டுவது 14,97,600. இருப்பு 8,10,680.

மூன்று ஆண்டுகளாக ஆலை கட்டியது மேட் அளவு வரிதான் என்பதைக் கவனியுங்கள். வரிச் சலுகை பறிபோகவில்லை, தள்ளிப்போனது. தேய்மானம் போன்ற காலம் சார்ந்த வித்தியாசத்தால் மேட் வந்தால், அது பெரும்பாலும் முன்கூட்டியே கட்டிய வரிதான். நிரந்தர விலக்கால் வந்தால் கதை வேறு. வழக்கமான வரி என்றைக்குமே மேட்டைத் தாண்டாத கம்பெனிக்கு அந்தக் கிரெடிட் புத்தகத்தில் எழுதி வைத்த எண் மட்டுமே. ஆடிட்டர்கள் மேட் கிரெடிட்டைச் சொத்தாகக் காட்டுவதற்கு முன்னால் வருங்கால லாபக் கணிப்பைக் கேட்பது இதனால்தான்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

மேட் கம்பெனிகளுக்கு மட்டும். கூட்டு நிறுவனம், எல்எல்பி போன்றவற்றுக்கு ஏஎம்டி என்ற வேறொரு ஏற்பாடு இருக்கிறது, அதில் புத்தக லாபம் என்ற பேச்சே கிடையாது. கம்பெனிகளிலும் ஆயுள் காப்பீட்டுத் தொழிலுக்கு மேட் இல்லை. முக்கியமாக, 115பிஏஏ பிரிவின் 22 சதவீத விகிதத்தையோ, புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கான 115பிஏபி பிரிவின் 15 சதவீதத்தையோ தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு மேட் பொருந்தாது. சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்துக்குப் போனவர்களிடம் குறைந்தபட்ச வரி கேட்பதில் அர்த்தமில்லை.

மேட் பொருந்தும் கம்பெனி, புத்தக லாபக் கணக்கைப் பட்டயக் கணக்காளரிடம் சான்று பெற்று, 29பி படிவத்தில் ரிட்டர்ன் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே பதிவேற்ற வேண்டும். இதைவிட அதிகம் தவறுவது அட்வான்ஸ் டாக்ஸில்தான். தேய்மானம் நிறைய இருக்கிறது, வரி 4 லட்சம்தான் வரும் என்று எண்ணி அதற்கேற்ப ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் தவணைகளைக் கட்டிவிடுவார்கள். மேட்டுக்கும் அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு, கட்டாவிட்டால் வட்டி உண்டு என்று 2011-இல் ரோல்டா இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் ஆலை முதல் ஆண்டில் 4 லட்சத்தை மட்டும் தவணையாகக் கட்டியிருந்தால், கட்டாமல் விட்ட மீதி 10.6 லட்சத்துக்கு வட்டி ஓடியிருக்கும். அந்த வட்டி கிரெடிட்டில் சேராது.

மிச்சமுள்ள 8 லட்சம்

2026 மார்ச் 31 அன்று ஆலையின் கையில் 8,10,680 ரூபாய் கிரெடிட் இருக்கிறது. பழைய விதியே தொடர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். ஆனால் 2026 பிப்ரவரி 1 பட்ஜெட் அந்த வழியை மாற்றியது. அறிவிப்பின்படி 2026 ஏப்ரல் 1 முதல் மேட் விகிதம் 14 சதவீதம், அதுவே இறுதி வரி, இனிமேல் கட்டும் மேட்டுக்குப் புதிய கிரெடிட் சேராது. அதுவரை சேர்ந்த கிரெடிட்டைக் கழிக்க வேண்டுமானால் உள்நாட்டுக் கம்பெனி புதிய வரி முறைக்கு, அதாவது 22 சதவீத முறைக்கு, மாற வேண்டும். அங்கேயும் ஓர் ஆண்டில் வரியில் நான்கில் ஒரு பங்குவரை மட்டுமே கழிக்கலாம்.

முன்பு நிலைமை நேர் எதிராக இருந்தது. 22 சதவீதத்துக்குப் போனால் சேர்த்து வைத்த மேட் கிரெடிட் போயே போய்விடும் என்று 2019 அக்டோபரில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. கிரெடிட்டை விட மனமில்லாமல் பழைய முறையிலேயே உட்கார்ந்திருந்த கம்பெனிகளை இப்போது அதே கிரெடிட்டைக் காட்டி இழுக்கிறார்கள்.

நம் ஆலைக்குக் கணக்கு எப்படி வரும்? 2026-27-இல் லாபம் ஒரு கோடி என்று வைப்போம். காற்றாலைத் தேய்மானம் 19 லட்சமாகக் குறைந்திருக்கும், வரி வருமானம் 90.5 லட்சம். பழைய முறையில் செஸ்ஸோடு 26 சதவீதம், ஏறத்தாழ 23.5 லட்சம். கிரெடிட் கழியாது. புதிய முறையில் 22 சதவீதத்தின் மேல் 10 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 சதவீதம், ஏறத்தாழ 22.8 லட்சம். அதிலிருந்து கிரெடிட்டாக 5 லட்சத்துக்கு மேல் கழிக்கலாம், மீதியை அடுத்த ஆண்டில். இந்த ஆலை மாறுவதே லாபம்.

எல்லாக் கம்பெனிக்கும் இப்படி வராது. நான் உதாரணத்திலிருந்து ஒதுக்கி வைத்த கூடுதல் தேய்மானம் இங்கேதான் கடிக்கும். புதிய முறையில் அது கிடையாது, அதனால் வந்த பழைய தொடர் நட்டமும் போய்விடும். ஒருமுறை மாறினால் திரும்பி வரவும் முடியாது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் புது இயந்திரங்கள் வாங்கத் திட்டமிட்டிருக்கும் ஆலை, 8 லட்சம் கிரெடிட்டை மட்டும் பார்த்து அவசரப்படாமல், அந்த இயந்திரங்களின் கூடுதல் தேய்மானத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்குமதி ஸ்பின்னிங் ஃபிரேம் ஒரு கோடிக்கு வாங்கினால், 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் மட்டும் 20 லட்சம். அதன் வரிப் பலன் 5.2 லட்சம்.